கிராஸ்ஓவர் சிக்னல் திரும்பத் திரும்பக் கவிழ்க்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

விதி என்னவோ இரண்டே வரிதான். வேகமான மூவிங் ஆவரேஜ் மெதுவானதை மேல்நோக்கி வெட்டினால் வாங்கு, கீழ்நோக்கி வெட்டினால் விற்றுவிட்டு வெளியே வா. பழைய சார்ட்டில் விரலை வைத்துப் பார்த்தால் பெரிய ஏற்றங்கள் எல்லாம் இதில் மாட்டியிருக்கும். நிஜமாகப் பணம் போட்ட பிறகுதான் நாலு தடவை, ஐந்து தடவை என்று வரிசையாக அடி விழும், உடனே நாம் செய்கிற முதல் வேலை எண்ணை மாற்றுவது. 10/30 சரியில்லை, 9/21 போடலாம், அதுவும் சரியில்லை, 8/34 போடலாம். நானும் ஒரு வருடத்துக்கு மேல் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

எண்ணில் கை வைக்கும் முன் அடி எந்த மாதிரி விழுகிறது என்று பாருங்கள். வெளியே ஒரே மாதிரி தெரிகிற நஷ்டத்துக்குள் வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன, ஒன்றுக்குப் பொருந்துகிற மருந்து இன்னொன்றை மோசமாக்கும். கீழே எல்லா இடத்திலும் 10/30 சிம்பிள் மூவிங் ஆவரேஜ் ஜோடியையே எடுத்துக்கொள்கிறேன், கணக்கைப் பின்தொடர எளிதாக இருக்கும். விலையையும் வெறும் புள்ளிகளாகவே சொல்கிறேன்.

அறிகுறி: பாதி ஏற்றம் முடிந்த பிறகுதான் சிக்னல் வருகிறது

இது கோளாறே இல்லை, கருவியின் இயல்பு. கடைசி 10 கேண்டிலின் குளோஸைக் கூட்டி 10ஆல் வகுத்தால் கிடைக்கிற எண் இன்றைய விலையைச் சொல்வதில்லை, அந்த 10 கேண்டிலின் நடுப்பகுதியில் விலை எங்கே இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. அதனால் N கேண்டில் ஆவரேஜின் பின்தங்கல் (N−1)/2. 10க்கு நாலரை கேண்டில், 30க்குப் பதினாலரை கேண்டில்.

ஆனால் கிராஸ்ஓவரின் தாமதம் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். விலை நீண்ட நாளாகக் கேண்டிலுக்கு 2 புள்ளி இறங்கிவந்து, ஒரு கட்டத்தில் திரும்பி அதே 2 புள்ளி வேகத்தில் ஏறுகிறது என்று வையுங்கள். கூட்டிப் பார்த்தால், அடியைத் தொட்ட பிறகு 12ஆவது கேண்டிலில்கூட 10இன் கோடு 30இன் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, 13ஆவதில்தான் மேலே வருகிறது. அதற்குள் விலை 26 புள்ளி ஏறிவிட்டது. வெளியே வரும்போதும் இதே கதை, உச்சியிலிருந்து 13 கேண்டில் இறங்கிய பிறகுதான் விற்கச் சொல்லும். இதே கணக்கை எல்லோரும் பேசுகிற 50/200க்குப் போட்டால் 78ஆவது கேண்டில் வருகிறது, தினசரி சார்ட்டில் மூன்றரை மாதத்துக்கும் மேல்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசி வரை தேவைப்படும். நுழையும்போது 13, வெளியேறும்போது 13, ஆக 26 கேண்டில் தூரம் இந்த ஜோடிக்குக் கட்டணமாகவே போய்விடுகிறது. ஏற்றம் ஒரே மூச்சில் 26 கேண்டிலுக்கு மேல் ஓடினால்தான் மிச்சம் எதுவும் கையில் நிற்கும்.

எக்ஸ்போனென்ஷியலுக்கு மாறினால் தாமதம் போய்விடும் என்பார்கள். போகாது. அதில் 2/(N+1) என்று எடையை வைத்திருப்பதே, நேர்கோட்டு டிரெண்டில் அதன் பின்தங்கல் சிம்பிள் ஆவரேஜுடையதற்குச் சமமாக, அதே (N−1)/2 ஆக, வருகிற மாதிரிதான். 10க்குப் போட்டால் கடைசிக் கேண்டிலுக்கு 10 சதவீதத்துக்குப் பதில் 18 சதவீதம் எடை கிடைக்கும், அதனால் திடீர்த் திருப்பத்தில் கொஞ்சம் சீக்கிரம் அசையும். பொய்த் திருப்பத்துக்கும் அதே அளவு சீக்கிரம் அசையும்.

அறிகுறி: உச்சியில் வாங்க வைக்கிறது, அடியில் விற்க வைக்கிறது, அதுவும் தவறாமல்

கிராஸ்ஓவர்காரர்களின் பெரிய எரிச்சல் இதுதான். சிக்னல் அவசரமாக மாறிமாறி வருவதில்லை, நிதானமாக 15 கேண்டிலுக்கு ஒருமுறை வருகிறது, கோடுகளும் அழகாகப் பிரிந்து நிற்கின்றன, பார்த்தால் டிரெண்ட் மாதிரியே இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் வாங்கிய இரண்டு மூன்று கேண்டிலில் விலை திரும்பிவிடும். யாரோ நம் ஆர்டரைப் பார்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுக்கிறார்கள் என்றுகூடத் தோன்றும். யாரும் இழுக்கவில்லை. கூட்டல் வகுத்தல்தான்.

சைட்வேஸ் மார்க்கெட்டின் சுத்தமான மாதிரி ஒன்றை எடுப்போம். விலை 480க்கும் 520க்கும் நடுவே அலைபோல ஏறி இறங்குகிறது, ஓர் அடியிலிருந்து அடுத்த அடிவரை 30 கேண்டில். 30 கேண்டில் ஆவரேஜ் எப்போதும் ஒரு முழு அலையை விழுங்கிவிடுவதால் அது 500இல் தட்டையாகக் கிடக்கும். 10 கேண்டில் ஆவரேஜ் விலைக்கு நாலரை கேண்டில் பின்னால் அலையும். விலை 500ஐ மேல்நோக்கிக் கடந்த பிறகு 4ஆவது கேண்டிலில் 10இன் கோடு இன்னும் 500க்குக் கீழே, 5ஆவதில் மேலே. அந்த 5ஆவது கேண்டிலின் குளோஸ் 517.3. அலையின் உச்சி ஏழரையாவது கேண்டிலில். அதாவது வாங்கு என்று சொல்லும்போது மேலே போக மிச்சம் இருப்பது மூன்று புள்ளிகூட இல்லை. இறங்கும்போதும் இதே தாமதம், 482.7இல் விற்கச் சொல்லும். ஒரு சுற்றுக்கு 34.6 புள்ளி நஷ்டம், மொத்த ரேஞ்சே 40 புள்ளிதான். ஷார்ட்டும் அடிக்கிறவராக இருந்தால் இதே அடி இரண்டு பக்கமும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np, pandas as pd
T = 30
t = np.arange(600)
p = pd.Series(500 + 20*np.sin(2*np.pi*t/T))
f, s = p.rolling(10).mean(), p.rolling(30).mean()
pos = (f > s).astype(int).shift(1)
print((pos * p.diff()).sum())
```

19 முறை வாங்கி விற்று, மொத்தம் சுமார் 658 புள்ளி நஷ்டம் என்று வரும். ஒரு சுற்றில்கூட லாபம் இல்லை. தரகுக் கட்டணம், ஸ்லிப்பேஜ் எதுவும் இதில் சேர்க்கவில்லை.

இப்போது `T = 60` என்று மாற்றுங்கள். அலையின் உயரம் அதே 40 புள்ளிதான், ஆனால் மெதுவாக ஏறி இறங்குகிறது. இந்தத் தடவை 495.8இல் வாங்கி 504.2இல் விற்கும், சுற்றுக்கு 8.3 புள்ளி லாபம். நஷ்டமும் லாபமும் மாறுகிற இடம் T ஐம்பதை ஒட்டி இருக்கிறது, அதாவது அடியிலிருந்து உச்சிக்கு 25 கேண்டில். மேலே வேறொரு வழியில் வந்த 26ஐ நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண். ரேஞ்சில் அடி வாங்குவதும் டிரெண்டில் தாமதமாக நுழைவதும் இரண்டு நோய் இல்லை. ஒரே தாமதம்தான், விலையின் ஒரு ஓட்டம் அந்தத் தாமதத்தைவிட நீளமா குட்டையா என்பதைப் பொறுத்து முகம் மாறுகிறது.

எண்ணை மாற்றுவது ஏன் உதவாது என்பதும் இதிலேயே தெரிகிறது. 5/15க்கு மாறினால் எல்லை பாதியாகும், 25 கேண்டில் வரை குட்டையான அலையிலும் பிழைத்துக்கொள்ளலாம், இந்த 30 கேண்டில் அலையில் கொஞ்சம் லாபம்கூட வரும். ஆனால் நிஜ மார்க்கெட்டில் பெரிய அலைக்குள் சின்ன அலை, அதற்குள் இன்னும் சின்னது என்று இருக்கும், முன்பு 10/30 கண்டுகொள்ளாமல் விட்ட 15 கேண்டில் அலை இப்போது 5/15ஐ உச்சியில் வாங்க வைக்கும். ஓட்டையை அடைப்பதில்லை, தள்ளி வைக்கிறோம். போன மாத ரேஞ்சுக்குப் பொருத்தமான எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து அடுத்த மாதம் அடி வாங்குவது இப்படித்தான்.

உறுதிசெய்துகொள்ள எளிய வழி: சார்ட்டில் கடைசி ஆறேழு அடிகளையும் உச்சிகளையும் குறித்து, அடியிலிருந்து உச்சிக்கு எத்தனை கேண்டில் என்று கையால் எண்ணுங்கள். பாதிக்கு மேல் 25க்குக் கீழே இருந்தால் 10/30க்கு அங்கே வேலை இல்லை. இதற்கு எந்த இண்டிகேட்டரும் வேண்டாம்.

அறிகுறி: இரண்டு கோடும் பின்னிக்கொண்டு, இரண்டு மூன்று கேண்டிலுக்கு ஒரு தடவை வெட்டிக்கொள்கின்றன

இதையும் சைட்வேஸ் என்றுதான் சொல்வோம், ஆனால் இது வேறு பிறவி. விலை 498க்கும் 502க்கும் நடுவே ஒழுங்கில்லாமல் தடுமாறுகிறது, அலை என்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டு ஆவரேஜும் 500க்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கிடக்கின்றன, இடைவெளி 0.2 புள்ளி, 0.3 புள்ளி. இங்கே ஒவ்வொரு நஷ்டமும் சின்னது, ஆனால் எண்ணிக்கை அதிகம், கணக்கைப் பார்த்தால் தரகுக் கட்டணம்தான் பெரும்பகுதியைத் தின்றிருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வேடிக்கை உண்டு. சிம்பிள் ஆவரேஜ் இன்று எவ்வளவு அசையும் என்பது இன்றைய விலையை மட்டும் பொறுத்ததில்லை. இன்றைய குளோஸிலிருந்து, இன்று வரிசையிலிருந்து உதிர்ந்துபோகிற 10 கேண்டிலுக்கு முந்தைய குளோஸைக் கழித்து, 10ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த அசைவு. 10 கேண்டிலுக்கு முன் ஏதோ காரணத்தால் ஒரே ஒரு குளோஸ் 508 என்று வந்திருக்கிறது, இன்றைய குளோஸ் 500, நேற்றும் 500. விலை இன்று அசையவே இல்லை. ஆனால் அந்த 508 உதிர்ந்ததால் 10இன் கோடு 0.8 புள்ளி விழுகிறது, 30இன் கோட்டில் 508 இன்னும் உள்ளேயே இருப்பதால் அது அசையாமல் நிற்கிறது, இடைவெளி 0.3 மட்டும் இருந்தால் இதோ ஒரு விற்பனை சிக்னல். 10 கேண்டிலுக்கு முந்தைய விபத்துக்கு இன்று விற்கிறோம்.

வெட்டு விழுந்த கேண்டிலில் விலை பெரிதாக எதுவும் செய்யவில்லை என்றால், 10 கேண்டில் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு துருத்தல் இருக்கும்.

இந்த வகைக்கு இடைவெளி நிபந்தனை நன்றாக வேலை செய்யும். கோடுகள் வெட்டிக்கொண்டால் மட்டும் போதாது, வேகமானது மெதுவானதைத் தாண்டிக் கேண்டிலின் சராசரி நீளத்தில், அதாவது ஏடிஆரில், பாதி தூரமாவது விலக வேண்டும் என்று வையுங்கள். வெளியேறவும் அதேபோல எதிர்ப்பக்கம் பாதி ஏடிஆர் விலக வேண்டும், நடுவில் இருக்கும்வரை பழைய நிலையே தொடரட்டும். பின்னிக்கிடக்கிற கோடுகளின் சில்லறை வெட்டுகளில் பெரும்பாலானவை இதிலேயே ஒழிந்துவிடும்.

இதே மருந்தை முந்தைய அறிகுறிக்குக் கொடுத்தால்? அந்த 480-520 அலையில் 10இன் கோடு தட்டையான 30இன் கோட்டிலிருந்து 16.6 புள்ளி வரை விலகிப்போகிறது. அங்கே 4 புள்ளி இடைவெளி கேட்டாலும் சிக்னல் ரத்தாகாது, ஒரு கேண்டில் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 517.3க்குப் பதில் 519இல் வாங்கி, 482.7க்குப் பதில் 481இல் விற்போம், 34.6 நஷ்டம் 38 ஆகும். ஒருவர் சத்தியம் செய்கிற ஃபில்டர் இன்னொருவருக்குக் கழுத்தறுப்பதன் காரணம் இதுதான், இருவரும் சைட்வேஸ் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள்.

எது நம் மார்க்கெட் என்று பிரித்துப் பார்க்க, கடைசி இருபது வெட்டுகளை எடுத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே கோடுகள் அதிகபட்சம் எவ்வளவு விலகின என்று குறியுங்கள். பெரும்பாலும் பாதி ஏடிஆருக்குள் என்றால் இந்தப் பின்னல் வகை. பெரும்பாலும் இரண்டு மூன்று ஏடிஆருக்கு மேல் போயும் நஷ்டமே வந்திருந்தால் அது அலை வகை, இடைவெளி நிபந்தனையைத் தொடாதீர்கள்.

அறிகுறி: சிக்னல் வந்தது, வாங்கினேன், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சார்ட்டில் வெட்டையே காணோம்

கேண்டில் முடியும் முன் வாங்கிவிட்டீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற கேண்டிலின் குளோஸ் என்பது அந்த நொடியின் விலை, அது மாற மாற ஆவரேஜும் மாறும். குளோஸ் ஆன கேண்டிலில் மட்டும் சிக்னல் பாருங்கள், தீர்ந்தது.

இதன் தம்பி ஒருவன் பேக்டெஸ்டில் இருப்பான். மேலே உள்ள நிரலில் `.shift(1)` இருக்கிறதே, அதை விட்டுவிட்டால் வெட்டு விழக் காரணமான கேண்டிலின் ஏற்றத்தையே நம் லாபமாகக் கணக்கு எழுதிவிடும். பின்னல் வகை மார்க்கெட்டில் வெட்டு அதிகம், அதனால் இந்த ஓசி லாபமும் அதிகம், பேக்டெஸ்ட் பளபளக்கும். நேரடியாக இறங்கியதும் மட்டும் தொடர்ந்து நஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த ஒரு வரியைத்தான்.

அறிகுறி: டிரெண்ட் ஃபில்டரும் போட்டுவிட்டேன், அப்படியும் ரேஞ்சில் மாட்டுகிறது

ஃபில்டரின் ஜன்னல் குட்டையாக இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எஃபிஷியன்சி ரேஷியோவை எடுத்துக்கொள்வோம், கணக்கு நேரடியானது: N கேண்டிலில் விலை மொத்தத்தில் எவ்வளவு நகர்ந்தது என்பதை, கேண்டில் கேண்டிலாக நகர்ந்த தூரங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நேராக ஓடினால் 1, கிளம்பின இடத்துக்கே திரும்பினால் 0. பலர் இதை 10 கேண்டிலுக்கு வைக்கிறார்கள். நம் அலையில் சிக்னல் வருகிற 5ஆவது கேண்டிலில் நின்று பின்னோக்கி 10 கேண்டிலைப் பாருங்கள், 482.7இலிருந்து 517.3 வரை விலை ஒரே ஏற்றமாக வந்திருக்கிறது. ரேஷியோ சரியாக 1. உச்சியில் வாங்கப்போகிற அதே நொடியில் இது உன்னதமான டிரெண்ட் என்று ஃபில்டர் கையெழுத்துப் போடுகிறது!

அதே இடத்தில் 20 கேண்டிலுக்குப் பார்த்தால் 0.3. 30 கேண்டிலுக்குப் பார்த்தால் 0. ஆகவே ஃபில்டரின் ஜன்னல் குறைந்தபட்சம் மெதுவான ஆவரேஜின் நீளம் இருக்கட்டும், ரேஞ்சின் முழு அலை அதைவிட நீளமாக இருந்தால் அந்த அலையின் நீளம். ஏடிஎக்ஸும் இந்த வலையில் விழும், கூடவே அதற்குச் சொந்தத் தாமதமும் உண்டு, அதன் சராசரியாக்கல் இரண்டு அடுக்காக நடக்கிறது. 15 கேண்டிலில் முடிந்துவிடுகிற ஓட்டத்தில் அது டிரெண்ட் என்று தலையாட்டும் நேரத்துக்கு ஓட்டம் முடியும் தறுவாயில் இருக்கும்.

அறிகுறி: அலை வகைதான் என்று தெரிந்துவிட்டது, ஆனால் கிராஸ்ஓவரைக் கைவிட மனமில்லை

நான் வைத்துக்கொள்கிற நிபந்தனை ஒன்றே ஒன்று. வேகமானது மேலே இருக்க வேண்டும், கூடவே இன்றைய குளோஸ் அதற்கு முந்தைய 30 கேண்டிலின் உச்ச குளோஸைத் தாண்டியிருக்க வேண்டும். அலை 520க்குள்ளேயே ஆடும்வரை 517.3இல் வருகிற சிக்னல் இதில் தேறாது, அந்த 19 நஷ்டங்களும் மொத்தமாகப் போய்விடும். வெளியேற வழக்கமான வெட்டே போதும்.

இதற்கும் விலை உண்டு. நிஜ ரேஞ்சின் விளிம்பு இந்த அலை மாதிரி கோடு போட்டு நிற்காது, சில நாள் 522இல் குளோஸ் ஆகி ஆசைகாட்டிவிட்டுத் திரும்பும், அந்த நஷ்டம் வரத்தான் செய்யும். ஜன்னல் 30 என்பதால் 45 கேண்டிலுக்கு ஒரு அலை என்கிற ரேஞ்சில் பழைய உச்சி ஜன்னலைவிட்டு வெளியே போயிருக்கும், அங்கே இந்தக் காவல் தூங்கிவிடும், ஜன்னலை அந்த நீளத்துக்கு நீட்ட வேண்டும். அப்புறம், உண்மையான டிரெண்ட் கிளம்பும்போது தாமதமாக ஏறுவோம்.

எவ்வளவு தாமதம் என்று ஒரு கணக்கு. விலை 480இல் திரும்பி, கேண்டிலுக்கு 2 புள்ளியாக 50 கேண்டில் ஓடி 580ஐத் தொட்டு, அதே வேகத்தில் இறங்குகிறது. முதலில் பார்த்த நேர்க்கோட்டுத் திருப்பம் மாதிரியே இருந்தால் வெறும் கிராஸ்ஓவர் 13ஆவது கேண்டிலில் 506இல் வாங்கும், உச்சியிலிருந்து 13 கேண்டில் கழித்து 554இல் விற்கும், லாபம் 48. உச்ச நிபந்தனை சேர்த்தால் முந்தைய 30 கேண்டிலின் உச்ச குளோஸை விலை தாண்டுவது 16ஆவது கேண்டிலில், 512இல்தான் வாங்குவோம், வெளியேறுவது அதே 554, லாபம் 42. டிரெண்டில் 6 புள்ளியை விட்டுக்கொடுக்கிறோம். நிபந்தனை இல்லாமல் ரேஞ்சில் மாட்டுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் போவது 34.6 புள்ளி, டிரெண்ட் கிளம்புவதற்கு முன் இரண்டு சுற்று மாட்டினாலே 69 போய்விடும், 48 லாபம் வந்தும் கணக்கு கழித்தலில்தான் நிற்கும்.